டோனர், எசன்ஸ், மிஸ்ட்: எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது?

அழகுசாதனப் பொருள் தயாரிக்கும் ஆய்வகத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன். டோனரும் எசன்ஸும் ஒரே மேசையில்தான் கலப்போம். பல சமயம் கெட்டித்தன்மை மட்டும்தான் வேறு. அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, முகம் கழுவினதும் டோனர் போடலைன்னா பிஎச் சமநிலை ஆகாதாமே? துளைகளும் திறந்தே இருக்குமாமே?

முதல் பாதி ஒரு காலத்தில் சரியாக இருந்தது. சோப்புக்கட்டியால் முகம் கழுவிய நாட்களில் அதன் பிஎச் 9, 10 என்று இருக்கும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டியது. அந்தக் காரத்தைத் துடைத்து எடுக்கத்தான் லேசான அமிலத்தன்மையுள்ள டோனர் வந்தது. இப்போதைய ஃபேஸ்வாஷ் பெரும்பாலும் 5, 6 அளவிலேயே தயாராகிறது. அப்படியே கொஞ்சம் ஏறினாலும் சில மணி நேரத்தில் தோல் தானே பழைய நிலைக்கு வந்துவிடும்.

துளைகளுக்குக் கதவு கிடையாது. திறந்து மூடத் தசை வேண்டும், அங்கே அது இல்லை. ஆல்கஹால் கலந்த டோனர் ஆவியாகும்போது குளிரும், தோல் கொஞ்ச நேரம் இறுகும். அந்த உணர்வைத்தான் மூடிவிட்டதாக நினைக்கிறோம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். முகம் கழுவி, ஒற்றி எடுத்து, பத்து நிமிஷம் எதுவும் போடாமல் இருங்கள். கன்னம் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால் குற்றவாளி ஃபேஸ்வாஷ். அதை மாற்றாமல் மேலே டோனர் ஊற்றுவது, ஒழுகும் குழாயை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது மாதிரி.

பஞ்சில் டோனர் நனைத்துத் துடைத்தால் பழுப்பாக அழுக்கு வருகிறது. நிறுத்திவிட்டால் அது முகத்திலேயே தங்கிவிடாதா?

தங்கும். ஆனால் அது கழுவும்போதே போயிருக்க வேண்டிய சன்ஸ்கிரீனும் மேக்கப்பும். இரவில் முதலில் எண்ணெய் அல்லது பாம் வகை கிளென்சரை உலர்ந்த முகத்தில் ஒரு நிமிஷம் தேய்த்து, அப்புறம் வழக்கமான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். மறுபடி பஞ்சால் துடைத்துப் பாருங்கள், வெள்ளையாக வரும். வந்துவிட்டால் பஞ்சுக்கு வேலை முடிந்தது. தினமும் இரண்டு வேளை பஞ்சை வைத்துத் தேய்ப்பதே சிலருக்குக் கன்னம் சிவக்கக் காரணம்.

வயது 34. காலை, இரவு இரண்டு வேளையும் 7% கிளைகாலிக் டோனர், மேலே எசன்ஸ். காலையில் வைட்டமின் சி, இரவில் டாக்டர் எழுதிக் கொடுத்த 0.025% ட்ரெட்டினாயின். மூன்று மாதமாகிறது. இப்போது சாதாரண மாய்ஸ்சரைசர் பட்டால்கூட எரிகிறது, கன்னம் சிவந்து, பொடிப்பொடியாக எழும்பியிருக்கிறது. பர்ஜிங் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எவ்வளவு நாள்?

பொறுக்க வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். பர்ஜிங் என்பது புதுப் பொருள் போட ஆரம்பித்ததும், வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே பரு கூடுதலாக வருவது. வெறும் மாய்ஸ்சரைசர் எரிவது அதில் சேராது. தோலின் மேல் அரண் தேய்ந்துவிட்டது என்றுதான் அதற்குப் பொருள்.

குழப்பம் 'டோனர்' என்ற பெயரில் இருக்கிறது. தண்ணீர் மாதிரி ஓடுவதால் இலேசான சமாச்சாரம் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் பாட்டிலில் இருப்பது தோலை உரிக்கும் அமிலம். கணக்குப் போடுங்கள்: வாரத்துக்கு 14 முறை அமிலம், 7 இரவு ட்ரெட்டினாயின், 7 காலை வைட்டமின் சி. இவற்றில் டாக்டர் சொன்னது ஒன்றுதான்.

முதல் இரண்டு வாரம் அமிலமும் வேண்டாம், வைட்டமின் சியும் எசன்ஸும் வேண்டாம். ட்ரெட்டினாயினை நிறுத்தி வைப்பதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காலையில் வெறும் தண்ணீர், இரவில் நுரை குறைவான கிளென்சர், வாசனை சேர்க்காத கெட்டியான கிரீம், பகலில் சன்ஸ்கிரீன். அவ்வளவுதான். சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். இந்த வகை அமிலம் தோலை வெயிலுக்குப் பலவீனமாக்கும். நிறுத்திய பிறகும் ஒரு வாரம் கவனமாக இருக்கச் சொல்லித்தான் அமெரிக்காவின் எஃப்டிஏ லேபிளுக்கு வாசகம் பரிந்துரைத்திருக்கிறது.

தேறிவிட்டதா என்று நாட்காட்டியைப் பார்க்காதீர்கள். கிரீம் போடும்போது எரிச்சல் இல்லாமல் ஒரு வாரம் போனால் தேறியதாக எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு ஒரு மாதத்துக்கும் மேல். அதன் பிறகு டாக்டர் சம்மதத்தோடு ட்ரெட்டினாயின் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அமில டோனர் திரும்ப வேண்டுமா என்பதை அப்புறம் யோசியுங்கள். உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பேன், ட்ரெட்டினாயினே தோல் புதுப்பிப்பை வேகப்படுத்துகிறது. நீர் வடிந்தால், வீங்கினால், அரிப்பு தாங்கமுடியாமல் போனால் இரண்டு வாரம் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். அது ஏதோ ஒரு பொருளுக்கான ஒவ்வாமையாக இருக்கலாம்.

சரி, எல்லாம் நிறுத்துகிறேன். எசன்ஸை மட்டும் விட மனசில்லை. அது போட ஆரம்பித்த பிறகுதான் முகத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வந்தது.

அந்தப் பளபளப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இல்லாமல், பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மாதிரி இறுக்கமாக மின்னி, சிரித்தால் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? அப்படியானால் அது அமிலம் அதிகமாகி வந்த மினுக்கம். எசன்ஸ் பாவம், பழி அதற்கும் வேண்டாம், பெருமையும் வேண்டாம். இரண்டு வாரம் ஓரமாக வைத்துப் பாருங்கள்.

எசன்ஸ் என்பது சீரத்துக்கு வேறு பெயர்தானே? இரண்டும் வாங்கி ஏமாந்துவிட்டேனோ?

தண்ணியான சீரம் என்று வைத்துக்கொள்ளலாம், பெயருக்கு எந்தச் சட்ட வரையறையும் கிடையாது. ஆகவே லேபிளைத்தான் படிக்க வேண்டும். பொருட்கள் அளவு அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் எழுதப்படும். 1 சதவீதத்துக்குக் கீழே போனதும் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருளைத் தேடுங்கள். ஐரோப்பிய விதியில் அதன் உச்சவரம்பே 1 சதவீதம். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு.

உங்கள் எசன்ஸில் தண்ணீர், கிளிசரின், நியாசினமைடு முன்னால் நிற்கிறது, சீரத்திலும் அதே மூன்று என்றால் இரண்டில் ஒன்று போதும். பாட்டில் முகப்பில் பூ படம் போட்ட சாறு கடைசி வரிசையில் நிற்கிறது என்றால் அது படத்துக்காகச் சேர்த்தது. நாங்களே அப்படிச் சேர்த்திருக்கிறோம், ஒரு தொட்டிக்கு ஒரு கரண்டி.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் மருந்தாளுநர். அந்த 1 சதவீதக் கணக்கை எல்லாவற்றுக்கும் பொருத்தினால் தப்பாகிவிடும். ரெட்டினால் 0.3 சதவீதம் இருந்தாலே வேலை செய்யும். ஹயலூரோனிக் ஆசிட் 1 சதவீதத்துக்குப் போனால் கெட்டியாகி, பாட்டிலில் இருந்து விழவே விழாது.

உண்மை, நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். குறைந்த அளவிலேயே வேலை செய்பவை பின்னால் நிற்பதில் குறையில்லை. நியாசினமைடு, கிளிசரின் மாதிரியானவற்றுக்குத்தான் இடம் முக்கியம்.

புளிக்கவைத்த ஈஸ்ட் எசன்ஸ் நாலு வருஷமாகப் போடுகிறேன். வீண் என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

வீண் என்று சொல்ல மாட்டேன். அதைப் பற்றிய ஆய்வுகளில் பல, விற்பவர்கள் பக்கத்திலிருந்து வருபவை என்பதால் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, அவ்வளவே. நாலு வாரம் இடது கன்னத்தில் மட்டும் போடுங்கள். வலது பக்கத்துக்கு மற்றதெல்லாம் அப்படியே. பிறகு எந்தப் பக்கம் என்று தெரியாத ஒருவரைக் கேளுங்கள்.

நாள் முழுக்க ஏசி அறை. மணிக்கொரு தடவை மிஸ்ட் அடிக்கிறேன், ஆனாலும் சாயங்காலம் முகம் காய்ந்த இலை மாதிரி ஆகிறது. பிராண்ட் சரியில்லையா?

பிராண்டை மாற்றினாலும் அதேதான். உதடு காய்ந்தால் நக்குவோம், ஐந்து நிமிஷத்தில் முன்பைவிட மோசமாகக் காயும். வறண்ட காற்று மிஸ்ட்டில் உள்ள நீரை எடுத்துப் போய்விடுகிறது, தோலில் நிற்பதில்லை. உங்கள் பாட்டிலில் வெறும் நீரூற்றுத் தண்ணீர் மட்டும் என்றால் கிளிசரின்கூட இல்லை.

காலையில் முகம் கழுவி ஈரம் இருக்கும்போதே இப்போதையதைவிட ஒரு படி கெட்டியான கிரீம் போடுங்கள். மதியம் ஒரே ஒரு தடவை மிஸ்ட், உடனே அதன்மேல் பட்டாணி அளவு கிரீமை ஒற்றிப் போடுங்கள், தேய்க்காதீர்கள். பவுடர் திட்டுத்திட்டாகத் தெரியும்போது அதை உட்கார வைக்கவும் மிஸ்ட் நல்லது. மற்றபடி அது ஜில்லென்று இருக்கும், அதற்காகப் பிடித்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

அப்போ சன்ஸ்கிரீன் மிஸ்ட் அடித்தாலே கிரீம் வேண்டாமா?

அதை நான் சொல்லவில்லையே! சன்ஸ்கிரீனைச் சோதிப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில். இரண்டு பீய்ச்சலில் அது வரவே வராது. காலையில் கிரீம் வகையைத் தாராளமாகப் போட்டு, மேக்கப் கலையாமல் இடையில் தொட்டுக்கொள்ள மட்டும் மிஸ்ட். அதையும் கையில் அடித்து ஒற்றுங்கள், நேராக முகத்தில் அடித்தால் மூச்சில் போகும்.

தண்ணீரும் கிளிசரினும் கலந்து நானே மிஸ்ட் செய்கிறேன். ஒரு மாதம் வரும்.

ஒரு மாதம் வருவதுதான் பிரச்சினை. பாதுகாப்புப் பொருள் இல்லாத ஈரத்தில் கிருமி வளரும், பாட்டில் தெளிவாகத் தெரிந்தாலும்கூட. இன்று கலந்ததை இன்றே தீர்த்துவிடுங்கள்.

ஷேவ் செய்ததும் போடும் ஆஃப்டர்ஷேவ் எரிகிறது. அதுவும் டோனர்தானே, எரிந்தால் வேலை செய்கிறது என்று அப்பா சொல்வார்.

தம்பி, அது கீறலில் ஆல்கஹால் பட்டு வரும் எரிச்சல். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். அப்பாவிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

அப்போ யார்தான் டோனர் வைத்துக்கொள்ளலாம்?

எண்ணெய் வழியும் தோல், கிரீம் போட்டால் மூச்சு முட்டுகிறது என்பவர்கள். கிளிசரின், பாந்தினால் உள்ள, ஆல்கஹாலும் வாசனையும் இல்லாத டோனரை உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு தடவை ஒற்றிக்கொண்டால் புழுக்கமான நாட்களில் அதுவே மாய்ஸ்சரைசர். பிளாக்ஹெட் என்கிற கரும்புள்ளி உள்ளவர்களுக்கு 2% சாலிசிலிக், வாரம் இரண்டு, மூன்று இரவு. அதை மருந்து மாதிரி நினைத்துப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. டோனர் ஈரம் காயாமல் ட்ரெட்டினாயின் போடலாமா? என் டாக்டர் கூடாது என்கிறார், தோழி வருஷக்கணக்கில் அப்படித்தான் போடுகிறாள்.

ஈரத்தோலில் சில பொருட்கள் கூடுதலாக உள்ளே போகும், அதனால்தான் டாக்டர் சொல்கிறார். தோழியின் தோல் தாங்குகிறது. உங்கள் தோல் தாங்குமா என்பது போட்ட பிறகுதான் தெரியும், அந்தச் சோதனைக்கு அவசரமே இல்லை. இருபது நிமிஷம் காயவிடுங்கள். மருந்தாளுநர் இன்னும் இங்கே இருந்தால் அவர் கருத்தையும் கேட்கலாம்.

இருக்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர் காயவிடட்டும். பழகியவர்களுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையா என்பதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.