நாற்பது பேர்

அன்புள்ள ஐயா,

அரபு வணிகர்கள் வந்து தென்கடற்கரையில் இஸ்லாத்தைப் பரப்பினார்கள் என்று பள்ளியில் படித்தோம். மிளகு வாங்க வந்தவர்களுக்குப் போதிக்க நேரம் எங்கே இருந்தது? சேரமான் பெருமாள் மக்காவுக்குப் போன கதை உண்மைதானா? வாள் இல்லாமல் ஒரு மதம் வேர்பிடிக்க முடியுமா? நண்பர்களோடு விவாதித்து ஓய்ந்துவிட்டேன். நீங்கள் சொன்னால் தெளிவடைவேன்.

அ., நாகப்பட்டினம்

அன்புள்ள அ.,

இஸ்லாத்தைத் தழுவி மக்கா போனதாகச் சொல்லப்படும் கேரள அரசர் சேரமான் பெருமாளை முதலில் அனுப்பிவிடுவோம். 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியில் இருந்துகொண்டு இந்தக் கதையை எழுதிவைத்த ஜைனுத்தீன் மக்தூமே, நபிகள் காலத்தில் இது நடந்ததாக நம்பவில்லை. ஹிஜ்ரி 200க்குப் பிறகு நடந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறார். அவருக்கு இருந்த நிதானம் நம் வாட்ஸப் வரலாற்றாசிரியர்களுக்கு இல்லை. வாள் விஷயமும் அப்படித்தான். மலபார்த் துறைமுகங்களில் ஆண்டவர்கள் இந்து அரசர்கள், வந்தவர்கள் அவர்களுக்குச் சுங்கம் கட்டிய வியாபாரிகள். அரசனின் கிட்டங்கியில் சரக்கை வைத்துவிட்டு அவனிடமே யார் வாளை உருவுவார்?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மிளகு பற்றிய வரி. 'நேரம் எங்கே இருந்தது' என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம்தான் இருந்தது ஐயா, வேறொன்றும் இல்லை! தென்மேற்குக் காற்றின் கடைசி வேகத்தைப் பிடித்து ஆகஸ்ட் முடிவில் ஏடனை விட்டுக் கிளம்பும் கப்பல் செப்டம்பர், அக்டோபரில் மலபார் வந்து சேரும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வலுக்க வேண்டும். மிளகு கொடியில் பழுத்துக் காய்ந்து சந்தைக்கு வரவும் டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். ஆக, மூன்று நான்கு மாதம் கரையில்தான் இருப்பு. காற்றைத் தவறவிட்டால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துறைமுக வாயே அடைபடும்.

ஆனால் 'பரப்பினார்கள்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. வெண்ணெய் தடவுவது போலவா மதத்தைப் பரப்புகிறார்கள்? ஒரு துறைமுகத்தில் இஸ்லாம் 'இருக்கிறது' என்று எப்போது சொல்வீர்கள்? வியாபாரி தன் அறையில் தனியாகத் தொழுவதால் ஊர் முஸ்லிம் ஊராகாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ என்ற கூட்டுத் தொழுகை நடக்க வேண்டும், அதில் குத்பா என்ற உரை ஓத வேண்டும். அதற்கொரு எண்ணிக்கை இருக்கிறது. சில வாரங்களாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உங்களுக்குப் பதில்.

கொங்கணம், பட்கல், மலபார், நம் காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை, மாலத்தீவு, அப்பால் ஜாவா வரை கடலோர முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர், அதாவது ஷாஃபி சட்ட மரபைப் பின்பற்றுபவர்கள். ஏமனிலும் ஹள்ரமவ்த்திலும் வேரூன்றியிருந்த மத்ஹபு அது, கப்பலேறி வந்தது. டெல்லி வழியாகத் தரைமார்க்கமாக வந்தது ஹனஃபி. நம் ராவுத்தர்கள் ஹனஃபி, மரக்காயர்கள் ஷாஃபி. எந்த வழியாக வந்தது என்று கேட்பவர்கள் கல்வெட்டைத் தேடுவதற்கு முன் மத்ஹபைப் பார்க்க வேண்டும்.

ஹனஃபி சட்டப்படி ஜும்ஆவுக்கு இமாமைத் தவிர மூன்று பேர் போதும். ஆனால் அது நகரமாக இருக்க வேண்டும், சுல்தானோ அவர் பிரதிநிதியோ நடத்த வேண்டும். பிற்காலத்தில் இதைத் தளர்த்தினார்கள், அது வேறு கதை. இந்து அரசர் சாமூதிரி ஆளும் கோழிக்கோட்டில் சுல்தானுக்கு எங்கே போவது? ஷாஃபி சட்டம் சுல்தானைக் கேட்பதில்லை, ஆளைக் கேட்கிறது. நாற்பது ஆண்கள் வேண்டும். பருவமடைந்த, அடிமையல்லாத ஆண்கள். அந்த ஊரிலேயே குடியிருப்பவர்கள். கூடாரம் போதாது, கட்டிய வீடுகள் உள்ள ஊராக இருக்க வேண்டும். குத்பா தொடங்கியதிலிருந்து தொழுகை முடியும்வரை நாற்பது குறையக்கூடாது. ஒருவர் எழுந்து போய் 39 ஆனாலும் அது ஜும்ஆ அல்ல, வழக்கமான நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுக் கலைய வேண்டியதுதான்.

'குடியிருப்பவர்' என்ற இடத்தில்தான் வியாபாரி மாட்டிக்கொள்கிறார். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நினைத்து வந்தவர் முசாபிர், அதாவது பயணி, அல்ல; தங்கியிருப்பவர் என்ற பொருளில் முகீம் ஆகிவிடுகிறார். இன்றோ நாளையோ காற்று மாறும் என்று காத்துக் கிடப்பவருக்குப் பதினெட்டு நாள்வரை பயணிக்குரிய சுருக்கத் தொழுகை உண்டு. ஆமாம், காற்றில் சிக்கியவனின் கணக்கு சட்ட நூலிலேயே இருக்கிறது. முகீமான வியாபாரி ஊரில் ஜும்ஆ நடந்தால் போய்த் தொழ வேண்டும். ஆனால் அந்த நாற்பதில் அவர் சேர்த்தி இல்லை. குளிரிலும் கோடையிலும் தேவையில்லாமல் ஊரைவிட்டு நகராதவர்தான் எண்ணிக்கைக்குள் வருவார்.

ஒரு துறையை எடுத்துக்கொள்வோம். ஊர்க்காரர்களில் வயது வந்த முஸ்லிம் ஆண்கள் அறுபது பேர், அக்டோபரில் வந்திறங்கிய அரபிகள் நூறு பேர் என்று வையுங்கள். பள்ளிவாசல் நிரம்பி வழிகிறது. குத்பா ஓதும் கத்தீபு எண்ணுவதோ அறுபதைத்தான். ஜனவரியில் கப்பல்கள் கிளம்புகின்றன. நூறு பேரும் போகிறார்கள், ஊர்க்காரர்களில் இருபத்தைந்து பேர் மாலுமியாகவும் சரக்குக்குத் துணையாகவும் கூடப் போகிறார்கள். கரையில் மிச்சம் முப்பத்தைந்து. ஐந்து பேர் குறைவதால் அவர்கள் திரும்பும்வரை ஜும்ஆ கிடையாது. மறுபடி மழைக்காலத்தில், கடல் மூடிக் கிடக்கும்போது, எல்லாரும் வீட்டில் இருப்பதால் தடையின்றி நடக்கும். கடல் ஓடுகிறவர்களை மட்டும் வைத்து ஜும்ஆ நடத்த முடியாது என்பது இதில் தெரிகிறதல்லவா? கடலுக்குப் போகாத முஸ்லிம்கள் வேண்டும். சுமை தூக்குபவர், கயிறு திரிப்பவர், தோணி தட்டும் தச்சர், கடை வைத்திருப்பவர். அவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. இங்கேதான் பிறக்க வேண்டும், அல்லது இங்கேயே கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வர வேண்டும்.

பிறப்பதற்குத் தாய் வேண்டும். உள்ளூர்ப் பெண் கலிமா சொல்லி வருகிறாள். ஷாஃபி முறையில் பெண்ணுக்கு வலி, அதாவது பொறுப்பாளர், இல்லாமல் நிக்காஹ் கூடாது. முஸ்லிமல்லாத தகப்பன் அவளுக்கு வலியாக முடியாது. அப்போது அந்த இடத்தில் நின்று கட்டிக்கொடுக்க வேண்டியவர் காழி, அதாவது மார்க்கச் சட்ட நீதிபதி. ஆக, போதகருக்கு முன்னால் இந்தத் துறைகளுக்குத் தேவைப்பட்டவர் காழி! கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பாதி வருஷம் கடலில். பெண் தன் தாய்வீட்டில்தான் இருப்பாள், பிள்ளைகளும் அங்கேதான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய் இருக்கும் வழக்கத்துக்கும், கண்ணூர், கோழிக்கோட்டுத் தாய்வழிக் கூட்டுக்குடும்பத் தறவாடுகளுக்கும் இந்த வாழ்க்கை பொருந்திப் போவதைப் பாருங்கள்.

கலிமா சொல்லி வந்தவர்களைப் பற்றி மக்தூம் ஒரு விவரம் தருகிறார். எவ்வளவு தாழ்ந்த சாதியிலிருந்து வந்தாலும் மற்ற முஸ்லிம்களுக்குள்ள மரியாதை அவருக்கும் உண்டு. அவருடைய பிழைப்புக்காக அந்நாளில் வியாபாரிகள் தங்களுக்குள் பணம் திரட்டிக் கொடுத்தார்களாம். மதம் மாறியவன் அன்றே சாதித் தொழிலையும் குடிசையையும் இழப்பான், அதற்கு ஈடு வேண்டும். இதை 'ஆசை காட்டினார்கள்' என்று உங்கள் நண்பர் ஒருவர் சொல்வார், தெரியும். உழைத்துச் சாப்பிடும் இடத்திலிருந்து துரத்தப்பட்டவனுக்குச் சோறு போடுவதற்கு அவர் என்ன பெயர் வைப்பார் என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.

நாற்பது பேர் சேர்ந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. தொழுகையில் ஓதும் குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹா சூராவைப் பிழையில்லாமல் ஓதத் தெரியாதவர், கற்க வாய்ப்பிருந்தும் கற்காமல் விட்டவர், அந்த நாற்பதில் இருந்தால் ஜும்ஆ செல்லுமா என்று சட்ட அறிஞர்கள் மண்டையை உடைத்திருக்கிறார்கள். மக்தூமின் 'ஃபத்ஹுல் முஈன்' இதைப் பேசுகிறது. மலபாரில் எழுதிய அந்த நூலை ஜாவாவிலும் ஓதுகிறார்கள். புதிதாக வந்த மீனவருக்கு ஏழு வசனத்தையும் நாக்கில் சரியாக ஏற்றிவிட ஒருவர் வேண்டும். ஓதிக்கொடுக்கும் லெப்பை இங்கேதான் வருகிறார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழும் இந்தத் திண்ணைப் பாடத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான்.

இதற்கெல்லாம் செலவு? 1342 வாக்கில் மலபார் வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா ஏழிமலைப் பள்ளிவாசலைப் பற்றி எழுதுகிறார். மாலுமிகள் கடலில் நேர்ந்துகொண்ட காணிக்கை அங்கே குவிகிறது. அந்த வருமானத்திலிருந்து மாணவர்களுக்கு உதவித்தொகை, வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் மடைப்பள்ளிச் சோறு. புயலில் பயந்தவனின் பணம் கரையில் பாடசாலையானது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். மற்ற மலபார்த் துறைகளில் உடைந்த கப்பலின் சரக்கை அரசன் எடுத்துக்கொள்வான், கோழிக்கோட்டில் மட்டும் உடையவருக்கே விட்டுவிடுவார்கள். அந்த ஊர் செழித்ததற்கு அவர் சொல்லும் காரணம் அதுதான்.

சுல்தான் இல்லாத ஊரில் குத்பாவில் யார் பெயரைச் சொல்லி துஆ கேட்பது? 1393இல் கோழிக்கோட்டுக் காழியும் வியாபாரிகளும் ஏமனின் ரசூலிது சுல்தானுக்குக் கடிதம் எழுதி, அவர் பெயரைச் சொல்ல அனுமதி கேட்டார்கள். வரி சாமூதிரிக்கு, துஆ ஏமனுக்கு. சாமூதிரி அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த நாற்பதை எடுத்துக்கொண்டு 849ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டுக்கு ஓடாதீர்கள். அதில் கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் முஸ்லிம் சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது, சரி. ஆனால் இமாம் ஷாஃபி இறந்ததே 820இல். அந்தக் காலத்து வியாபாரிகள் அதிகமும் பாரசீக வளைகுடாவின் சீராஃப், பஸ்ரா பக்கத்தவர்கள். ஏடன் தலையெடுத்த பிறகுதான் ஷாஃபி சட்டம் இந்தக் கரையை இறுக்கிப் பிடிக்கிறது. நான் சொல்லும் கணக்கு அதற்குப் பிந்தைய காலத்துக்கு.

எல்லாரும் அரபியைத் தேடுகிறீர்களே, இப்னு பதூதா மங்களூரில் கண்ட காழி யார் தெரியுமா? பத்ருத்தீன் மாபரி. ஷாஃபி மத்ஹபினர், பாடமும் நடத்தினார். மாபர் என்பது நம் சோழமண்டலக் கரை. 14ஆம் நூற்றாண்டிலேயே நம் பக்கத்து ஆள் ஒருவர் துளுநாட்டுத் துறையில் காழி.

நீங்கள் நாகையில் இருந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். தெருவில் இறங்கி நான்கு பள்ளிவாசல்களில் அஸர் என்ற பிற்பகல் தொழுகை நேரத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். நடுப்பகல் நிழலைக் கழித்து, நட்ட கம்பின் நிழல் கம்பளவு நீண்டால் ஷாஃபிக்கு அஸர் வந்துவிடும். ஹனஃபிக்கு இரண்டு மடங்கு ஆக வேண்டும். நம் பக்கம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வித்தியாசம். மார்ச் மாதத்தில் மூன்றரை மணியை ஒட்டி அஸர் பாங்கு சொன்னால் ஷாஃபி, நாலரையை ஒட்டிச் சொன்னால் ஹனஃபி. இரு தரப்பும் சேர்ந்து தொழும் ஊர்களில் பிந்திய நேரத்தை வைத்துக்கொள்வதும் உண்டு, அங்கே மோதினாரைக் கேட்டுவிடுங்கள். நான்கையும் குறித்து அனுப்புங்கள், பார்க்கலாம்.