ஒன்பதும் இல்லை, பத்தும் இல்லை

"கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் 9% டிபெஞ்சர் (முகமதிப்பு ₹1,000, வருடம் ஒருமுறை வட்டி, இன்னும் 5 வருடம்) இப்போது ₹962-க்குக் கைமாறுகிறது. புதிதாகக் கடன் வாங்குவதா, 10% முன்னுரிமைப் பங்கு விடுவதா என்கிறார் முதலாளி. கடனுக்கு 9%, பங்குக்கு 10% என்று போட்டுக்கொள்ளலாமா சார்?"
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

போடாதீர்கள். 9% என்பது பத்திரத்தில் அச்சடித்த பழைய வாக்குறுதி. இன்று நீங்கள் கடன் கேட்டுப் போனால் சந்தை அந்த விகிதத்துக்குத் தராது. ₹962 போட்டு வாங்குபவருக்கு வருடம் ₹90 வட்டி வருகிறது, ஐந்தாம் வருடம் ₹1,000 கைக்கு வருகிறது. அந்த ₹38 லாபமும் அவர் கணக்கில் சேரும். எல்லாம் சேர்த்து அவருக்குக் கிடைக்கும் ஆண்டு விகிதம்தான் முதிர்வு வருவாய். அதுதான் உங்களுக்கு வரிக்கு முந்தைய கடன் செலவு. எக்செலில் இதை அடியுங்கள்:

```
=RATE(5,90,-962,1000)
```

10% வரும்.

தரகர்கள் இந்த இடத்தில் 90-ஐ 962-ஆல் வகுத்து "9.36 தான் சார்" என்பார்கள். எனக்கே ஒருவர் டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அது நடப்பு வருவாய். அந்த ₹38 அதில் இல்லை. இன்னொன்று, ₹962 எந்தத் தேதி விலை என்று பாருங்கள். நம் ஊரில் டிபெஞ்சர் வியாபாரம் அவ்வளவு மந்தம். ஆறு மாதத்துக்கு முன் யாரோ விற்ற விலை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், கேட்பாரில்லை.

இனி பங்கு. ₹100 பங்கை விற்றுக் கொடுக்க ஏஜென்ட் ₹4 எடுத்தால் உங்கள் கைக்கு வருவது ₹96. பாடப்புத்தகம் 10-ஐ 96-ஆல் வகுத்து 10.42% என்று முடித்துவிடும். பங்கு என்றென்றும் திருப்பித் தராமலே இருக்கும் என்றால் அது சரி. ஆனால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 55-ஆம் பிரிவு திருப்பித் தராத முன்னுரிமைப் பங்கையே அனுமதிப்பதில்லை. சாதாரணமாக 20 வருடத்துக்குள் திருப்பித் தந்தாக வேண்டும். அப்படியும் பரீட்சையில் அந்தப் பழைய சூத்திரத்தைத்தான் கேட்கிறார்கள். பத்தாம் வருடம் ₹100 திருப்பித் தருவதாக வைத்தால்:

```
=RATE(10,10,-96,100)
```

சுமார் 10.67%. கமிஷன் 4 ரூபாயை பத்தே வருடத்தில் சுமப்பதால் ஏறுகிறது. அந்த 4 ரூபாயை ஏஜென்ட் கடைசி நாளில்தான் சொல்வார். முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டையும் நேராக ஒப்பிடாதீர்கள். வட்டியைச் செலவாகக் காட்டி வரி குறைக்கலாம், ஈவுத்தொகைக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் கம்பெனி 22% வரித்திட்டத்தில் இருந்தால் மேல்வரி, செஸ் சேர்த்து 25.17%. அப்போது கடனின் 10%, வரிக்குப் பின் 7.48% ஆகிறது. பங்கின் 10.67% அப்படியே நிற்கும். அதில் வரியைக் கழித்துக் கொண்டுவரும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.