நீக்கப்பட்ட செய்தியின் தடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல், கணவன் மனைவிக்கு இடையே நேரும் ஒரு தவறான புரிதலை நம்பித்தான் நகர்கிறது. படித்த நண்பர் ‘ஒரு போன் அடித்தால் தீர்ந்துவிடுமே’ என்கிறார். சார்ஜ் தீர்ந்துவிட்டதாக எழுதலாமா, அல்லது கதையையே எண்பதுகளுக்கு நகர்த்திவிடலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

சார்ஜ் தீர்வதைக் கதையின் தொடக்கத்தில் ஒருமுறை எழுதினால் வாசகர் பொறுத்துக்கொள்வார். முடிச்சையே அதில் கட்டினால், ஆசிரியர்தான் சார்ஜரை ஒளித்துவைத்தார் என்று கண்டுகொள்வார்.

தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ நாவலில் (1891) டெஸ் தன் கடந்தகாலத்தை எழுதி, தான் மணக்கவிருக்கும் ஏஞ்சலின் அறைக் கதவுக்கடியில் தள்ளுகிறாள். கடிதம் உள்ளே விரித்திருந்த கம்பளத்துக்கு அடியில் போய்விடுகிறது. அவன் வழக்கம்போல் அன்பாகவே இருப்பதைக் கண்டு, மன்னித்துவிட்டானோ என்று அவள் ஐயுறுகிறாள். திருமண நாளன்று அது பிரிக்கப்படாமலே கிடப்பதைக் கண்டெடுத்து அழித்துவிடுகிறாள். அப்படி ஒன்று இருந்ததே அவனுக்குத் தெரியாது.

இதையே வாட்ஸ்அப்பில் நடத்திப் பாருங்கள். கம்பளம் போய்விடுகிறது, ஆனால் சிக்கல் போகவில்லை. இரண்டு நீலக்குறிகள் விழுந்துவிட்டால் அவன் படித்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும், அதன் பின்னான மௌனத்துக்கு என்ன பொருள் என்பதுதான் தெரியாது. படிக்கும் முன்பே அவள் அழித்தாலும், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி அவன் திரையில் நிற்கும். ஹார்டியின் ஏஞ்சலுக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை. இவனுக்கோ கேட்பதா, கேளாதிருப்பதா என்ற தேர்வு வந்துவிடுகிறது, அந்தத் தேர்வே ஓர் அத்தியாயத்தைத் தாங்கும். செய்தி போய்ச் சேராததிலிருந்து பிறந்த முடிச்சு, இப்போது சேர்ந்ததிலிருந்தே பிறக்கிறது.

நெருக்கமும் இதனால் வேறுவிதமாகிறது. சாலி ரூனியின் ‘கான்வர்சேஷன்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்’ நாவலில் (2017) ஃபிரான்சஸ், முன்னாள் காதலியும் இந்நாள் தோழியுமான பாபியுடன் பரிமாறிய பழைய செய்திகளில் சொற்களைத் தேடித் தேடிப் படிக்கிறாள். நினைவு என்றால் தனக்குச் சாதகமாக மழுங்கியிருக்கும். பதிவு அப்படி மழுங்குவதில்லை. எனவே காதலில் யார் எப்போது என்ன சொன்னார் என்பதை இனி மறந்துவிட்டதாக நடிப்பது கடினம். (கடிதக் கட்டை மேசை இழுப்பறையில் வைத்திருந்தவர்களுக்கும் இது ஓரளவு தெரியும்தான், ஆனால் அதில் தான் எழுதிய பாதி இருக்காது.)

ஒரு எச்சரிக்கை மட்டும். நீலக்குறி வந்தது 2014 நவம்பரில், அனுப்பிய செய்தியை இருபக்கமும் நீக்கும் வசதி வந்தது 2017இல். உங்கள் கதை நடக்கும் ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள். நீலக்குறியை அணைத்துவைக்கவும் முடியும் என்பதால், உங்கள் கணவன் அதை எப்போது, யாருக்காக அணைத்தான் என்று யோசித்துப் பாருங்கள். எண்பதுகளுக்குப் போக வேண்டியிருக்காது.