ஜெர்மன் வானிலைச் செயலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முனிச்சிலிருந்து ஒரு மாணவர்: செயலி முழுக்க ஜெர்மன். வெப்பநிலை 68 என்று காட்டுகிறது. செல்சியஸுக்கு எப்படி மாற்றுவது?

உங்கள் செயலி ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது. 68 என்றால் 20 டிகிரி செல்சியஸ். பல்சக்கரப் படத்தை அழுத்துங்கள், அல்லது அமைப்புகள் என்று பொருள்படும் Einstellungen என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குள் Einheiten, அதாவது அலகுகள், இருக்கும். Temperatur வெப்பநிலை, Wind காற்று, Niederschlag மழை. மொழி புரியாவிட்டாலும் °C, km/h, mm ஆகிய குறியீடுகள் ஜெர்மனிலும் அப்படியேதான் நிற்கும், அவற்றைப் பார்த்துத் தொடுங்கள்.

Einheiten பகுதியே இல்லையென்றால், செயலி உங்கள் போனின் நாட்டு அமைப்பைப் பின்பற்றுகிறது. ஐபோனில் Einstellungen, Allgemein, Sprache & Region என்ற வரிசையில் போய்ப் பாருங்கள். நாடு அமெரிக்கா என்று இருந்தால் காரணம் அதுதான்.

காற்று 28 தானே என்று சைக்கிளில் கிளம்பினேன், தள்ளிவிட்டது. செயலி தப்பா?

28 எதில்? அதை எழுதாமல் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? m/s என்றால் 3.6 ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 100 km/h, மரக்கிளை முறியும் காற்று. kn, அதாவது நாட் என்றால், கிட்டத்தட்ட 52 km/h. km/h என்றால் மிதமான காற்று, ஆனால் அது சராசரியாக இருக்கலாம். உங்களைத் தள்ளுவது Böen, அதாவது திடீரென்று வீசும் வேகக் காற்று. அதற்குத் தனி எண் இருக்கும்.

ஜெர்மன் வானிலைத் துறையின் எச்சரிக்கையைத் திறந்து முழு வாசகத்தையும் படியுங்கள். 100 km/h என்று போட்டால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் m/s, kn, பியூஃபோர்ட் அளவான Bft மூன்றிலும் அதே வேகத்தைக் கொடுப்பார்கள். நீங்கள் பெருக்கவே வேண்டாம். எண்ணைப் படித்தால் அலகையும் சேர்த்துப் படியுங்கள்.

கொலோன் வாசகர்: 30 லிட்டர் மழைக்குச் சிவப்பு எச்சரிக்கை. சென்னையில் 30 சென்டிமீட்டர் பார்த்தவன் நான். இதற்கெல்லாம் பயப்படணுமா?

இந்தக் கேள்வி எனக்கு வராத மாதமே இல்லை. பதிலைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அலகு. l/m² என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லிட்டர். ஒரு லிட்டர் அந்தப் பரப்பில் பரவினால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். ஆக 30 l/m² என்றால் 30 மில்லிமீட்டர், 3 சென்டிமீட்டர். இதுவரை உங்கள் கணக்கு சரி.

நீங்கள் விட்டது நேரத்தை. சென்னையில் நாம் கேட்கும் 30 சென்டிமீட்டர் 24 மணி நேரக் கணக்கு. அங்கே அதிகனமழை என்று சொல்வதும் ஒரு நாளில் 20 சென்டிமீட்டர் தாண்டினால்தான். உங்கள் எச்சரிக்கையில் எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ Stunde இருந்திருக்கும், அதாவது மணி நேரம். ஒரு மணி நேரத்தில் 15 லிட்டர் என்றாலே ஆரஞ்சு, 25 தாண்டினால் சிவப்பு, 40 தாண்டினால் ஊதா. ஆறு மணி நேரத்துக்கு வேறு வரம்பு: சுமார் 20, 35, 60. ஆக 30 லிட்டர் ஒரு மணி நேரத்தில் வந்தால் சிவப்பு, ஆறு மணி நேரத்தில் பரவி வந்தால் ஆரஞ்சு. நேரத்தை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

நிலமும் வேறு. 2021 ஜூலை 14 அன்று மேற்கு ஜெர்மனியின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியில் பல இடங்களில் ஒரே நாளில் 100 லிட்டருக்கு மேல் பெய்தது. சென்னைக் கணக்கில் 10 சென்டிமீட்டர்தான். ஆனால் ஏற்கெனவே நனைந்து ஊறிய மண், செங்குத்தான சரிவு, குறுகலான பள்ளத்தாக்கு. அங்கே மட்டும் வெள்ளத்தில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். வீட்டின் அடித்தளத்தில் தண்ணீர் ஏறினால் கதவைத் திறக்கக்கூட முடியாது. உங்களுக்கு அடித்தள அறை இருந்தால், சிவப்பு வந்ததும் அதற்குள் இறங்காதீர்கள்.

Vorabinformation என்று வருகிறது. இது எச்சரிக்கையா?

இல்லை. கடும் வானிலை வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்வது. இடமும் நேரமும் இன்னும் துல்லியமாக இருக்காது. பால்கனிச் சாமான்களைக் கட்டிவைத்துவிட்டு அடுத்த அறிவிப்பைப் பாருங்கள்.

மழை 2,5 mm என்கிறது. காற்றழுத்தம் 1.013. ஏதோ குழப்பம்?

குழப்பமில்லை. ஜெர்மனில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி, புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும். மழை இரண்டரை மில்லிமீட்டர், அழுத்தம் ஆயிரத்துப் பதின்மூன்று hPa. எத்தனை மணி நேரத்துக்கு இரண்டரை என்பதையும் பாருங்கள்.

மழை 80% என்றால் நாளில் 80 சதவீத நேரம் பெய்யுமா?

இல்லை. அந்த நேரத்தில் மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அது. எவ்வளவு பெய்யும் என்பதை mm எண் சொல்லும்.

எச்சரிக்கை எப்போது முடியும் என்று எப்படித் தெரியும்?

gültig von என்பதற்குப் பின் தொடங்கும் நேரம், bis என்பதற்குப் பின் முடியும் நேரம். Aufhebung என்று வந்தால் முன்னதாகவே விலக்கிவிட்டார்கள். பழைய அறிவிப்பு போன் திரையில் அப்படியே கிடக்கும், அதனால் செயலியைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே கிளம்புங்கள்.