ஹிந்திக்கார பார்பரிடம் ‘கொஞ்சம் கம்மி’ என்று சொல்லாதீர்கள்

கேள்வி: மார்த்தாண்டத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் சலூனில் இப்போது வடநாட்டுத் தம்பிகள்தான் முடி வெட்டுகிறார்கள். என் பையனுக்கு “தோடா கம்” என்றேன், ஒட்ட வெட்டிவிட்டார். “முன்னால் இருந்த மாதிரியே”, “கொஞ்சம்தான்” என்பதை எப்படிச் சொல்வது? பேண்ட் ஆல்டர் செய்யும் கடையிலும் இதே பாடுதான்.

பதில்: குழித்துறைப் பக்கம் வளர்ந்தவர்கள் மலையாளத்தில் எங்கும் சமாளித்துவிடுவோம். அந்த தைரியம் ஹிந்தியில் காலை வாரும். “தோடா கம்” என்பதை ‘கம் காட்னா’ (குறைவாக வெட்டு) என்றும் எடுக்கலாம், ‘கம் கர்னா’ (முடியைக் குறை) என்றும் எடுக்கலாம். இரண்டும் நேர் எதிர். வினையை நீங்கள் விட்டுவிட்டதால், அவர் தனக்குத் தோன்றியதைப் போட்டுக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை.

அதனால் ‘காட்னா’ (வெட்ட வேண்டும்), ‘ரக்னா’ (வைக்க வேண்டும்) என்ற இரண்டில் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள், அளவையும் சேர்த்து. “பஸ் ஆதா இஞ்ச் காட்னா” என்றால் அரை இஞ்சுதான் போகும். “இத்னா ரக்னா” என்று முடியை விரலிடுக்கில் பிடித்துக் காட்டினால், விரலுக்கும் தலைக்கும் நடுவில் உள்ளது மிஞ்சும். ‘ச்சோட்டா’ (சின்னது) என்ற சொல்லை மட்டும் தனியாக விட வேண்டாம். அவருடைய ‘சின்னது’ எவ்வளவு என்று நமக்கு எப்படித் தெரியும்?

இனி ‘முன்னால் இருந்த மாதிரி’. “பிச்லி பார் ஜைஸா” என்று சொல்லலாம்தான். ஆனால் போன தடவை வெட்டியவர் வேறு ஆள் என்றால் அது வெறும் பேச்சு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும், அதாவது ஏறக்குறைய அரை இஞ்ச். பையனுக்கு மாதம் ஒருமுறை வெட்டுகிறீர்கள் என்றால், அரை இஞ்ச் எடுத்தாலே போன மாத அளவு வந்துவிடும். இரண்டு மாதம் ஆகிவிட்டால் “ஏக் இஞ்ச்”. வெட்டு பிடித்திருக்கும் நாளில் முன்பக்கம், காதோரம், பின்கழுத்து என மூன்று படம் போனில் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. சுவரில் ஒட்டியிருக்கும் நடிகர் படத்தைக் காட்டுவது வம்பு, அந்த முடி வேறு, இந்த முடி வேறு.

காதோரம் மெஷின் போடுவார் என்றால் நம்பர் சொல்ல வேண்டும். மெஷினில் மாட்டும் சீப்பு வழக்கமாக இப்படி இருக்கும்: ஒன்று என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, மூன்று 10, நான்கு 13. ஆனால் சில டிரிம்மர்களில் எழுதியிருக்கும் எண்ணே மில்லிமீட்டர்தான். அதில் 3 என்று வைத்தால் மண்டை தெரியும். எனவே சீப்பை மாட்டியதும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். மெஷினே வேண்டாம் என்றால் “மெஷீன் நஹீ, ஸிர்ஃப் கைஞ்சி” (கத்தரிக்கோல் மட்டும்).

ஆக, உங்கள் பையனுக்கு நாற்காலியில் உட்காரும்போதே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “பையா, ஊப்பர் ஸே பஸ் ஆதா இஞ்ச் காட்னா, ஸைட் மே ச்சார் நம்பர்.” மேலே அரை இஞ்ச் மட்டும், பக்கங்களில் நான்காம் நம்பர் என்று அர்த்தம். நான்கு விரலையும் காட்டுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் கண்ணாடியில் பார்த்து, போதும் என்றால் “பஸ்”, இன்னும் வேண்டும் என்றால் “தோடா ஔர் காட்னா”. தண்ணீர் தெளித்து வெட்டினால் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்தச் சொல்லுங்கள். ஈரத்தில் நீண்டு தெரியும் முடி காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும், சுருட்டை முடி என்றால் இன்னும் கூடுதலாக.

பேண்ட் விஷயம் வேறு மாதிரி. லூசுக்கு ‘டீலா’, இடுப்புக்கு ‘கமர்’, தொடைக்கு ‘ஜாங்க்’, கால் வாய்க்கு ‘மோஹ்ரி’. எந்த இடம் என்று சொல்லாமல் “தோடா டீலா” என்று கொடுத்தால் அவர் இடுப்பைத்தான் தொடுவார். ஒரு சிக்கல்: அரை இஞ்ச் என்றால் மொத்தமாகவா, தையலின் ஒவ்வொரு பக்கமுமா? ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் பிரித்தால் சுற்றளவு ஒரு இஞ்ச் கூடிவிடும். “கமர் குல் ஆதா இஞ்ச் டீலா கர்னா” என்றால் மொத்தமே அரை இஞ்ச்தான்.

கடைக்குப் போகும் முன் பேண்டை உள்பக்கம் திருப்பி, பின்னால் நடுத்தையலைப் பாருங்கள். அங்கே துணி விட்டுத் தைத்திருந்தால்தான் இடுப்பை லூசாக்க முடியும். இல்லையென்றால் எந்த மொழியில் சொல்லியும் பலனில்லை. துணி இருந்தாலும், வெளுத்த பேண்டில் பழைய தையல் இருந்த இடம் கருங்கோடாகத் தெரியும். அது பரவாயில்லையா என்று பிரிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.