ஊர்க் கோயிலை வைத்துக் கலை வரலாறு: மேலே சிகரம், கீழே போதிகை

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் வழியில் கோயில் கட்டடக்கலை எடுக்கிறேன். நல்ல படங்கள் எங்கே கிடைக்கும்? நாகரம், திராவிடம், ஃபிரெஸ்கோ போன்ற சொற்களை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? எங்கள் ஊரில் பழைய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. அதைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது?

பதில்:

மூன்றையும் தனித்தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் ஊர்க் கோயிலின் விமானத்தை நடுவில் வையுங்கள். சொல்லும் படமும் அதைச் சுற்றியே வரட்டும். இரண்டே உறுப்புகளை ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும்: உச்சியில் சிகரம், சுவர்த் தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை. மூன்று பாடவேளைகளில் முடிக்கலாம். முதல் வேளை படங்களுக்கு, இரண்டாவது கோயிலுக்கு, மூன்றாவது ஒப்பிட்டு எழுதுவதற்கு.

முதலில் சொற்கள், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு உயரமாக எது தெரிந்தாலும் அது கோபுரம். கருவறைக்கு மேல் எழுவது விமானம், வாயிலுக்கு மேல் எழுவது கோபுரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விமானம் என்றதும் ஆகாய விமானம் நினைவுக்கு வந்து வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும், சொல் மறக்காது. அடுத்தது சிகரம். வடநாட்டுக் கோயில்களைப் பற்றிப் பேசும்போது கருவறைக்கு மேலுள்ள கட்டுமானம் முழுவதையும் சிகரம் என்பார்கள். நம் ஸ்தபதிகள் வழக்கில் சிகரம் என்பது உச்சியில், கழுத்துப் பகுதியான கிரீவத்துக்கு மேலும், உச்சிக் கலசமான தூபிக்குக் கீழும் குடை கவிழ்த்ததுபோல் உட்காரும் ஓர் உறுப்பு மட்டுமே. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த குறிப்புகளில் இரண்டும் கலந்து வரும். "தஞ்சைக் கோயிலின் சிகரம் 13 தளம் கொண்டது" என்று மாணவர் எழுதினால் அது இந்தக் கலப்பின் விளைவு. 13 தளம் விமானத்துக்கு உரியது. சிகரம் அதன் தலையில் இருக்கும் ஒரு பகுதி.

இதைவிடப் பெரிய சிக்கல் நாகரம், திராவிடம், வேசரம். பாடநூல்களில் இவை வட்டார பாணிகள்: வடக்கே நாகரம், தெற்கே திராவிடம், நடுவே வேசரம். தென்னாட்டுச் சிற்ப நூல் மரபில் இதே சொற்கள் சிகரத்தின் வடிவத்தைக் குறிக்கின்றன: சதுரம் நாகரம், எண்பட்டை திராவிடம், வட்டம் வேசரம். அதனால் தமிழ்நாட்டின் நடுவிலேயே ஒரு கோயிலை ஸ்தபதி நாகர விமானம் என்பார், மாணவர் அதைத் தவறு என்று நினைப்பார். இரண்டு வழக்கும் இருக்கிறது என்பதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். தேர்வுக்குப் பாடநூல் பொருள், கோயிலில் நிற்கும்போது ஸ்தபதி பொருள். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொன்னால் நேரில் பார்க்கும்போது பிள்ளை திணறும்.

ஃபிரெஸ்கோ போன்ற சொற்களுக்கு என் கருத்து இது: செய்முறை வெளியிலிருந்து வந்தால் பெயரும் அப்படியே வரட்டும், தமிழ் எழுத்தில். கூடவே செய்முறையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: சுண்ணச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டுவது. சுவரோவியம் என்ற சொல் ஈரம், காய்ந்தது இரண்டுக்கும் பொது என்பதால் அதை இதற்கு நேர்ச்சொல்லாகக் கொடுக்க வேண்டாம். ரிலீஃபுக்குப் புடைப்புச் சிற்பம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இல்லாத இடத்தில் புதுச்சொல் ஆக்காதீர்கள், அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு அது புரியாது. ஸ்தூபி, தூபி இரண்டில் எதை எழுதினாலும் மதிப்பெண் கொடுங்கள்.

இனிப் படங்கள். சிகரத்துக்கு மூன்று படங்கள் போதும், மூன்றும் தமிழ்நாட்டிலேயே உள்ளன. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் சதுரக் கூரை, பார்த்த உடனே ஓலைக்குடிசை நினைவுக்கு வரும். அதே வரிசையில் தர்மராஜ ரதத்தின் தலையில் எண்பட்டைச் சிகரம். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரத்தின் சிகரம் வட்டம். விக்கிமீடியா காமன்ஸில் மூன்றுக்கும் படங்கள் உண்டு. தமிழில் தேடினால் குறைவாகவே வரும். `Draupadi Ratha`, `Dharmaraja Ratha`, `Vijayalaya Choleeswaram` என்று தேடுங்கள். கடைசிப் பெயருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவிதம், கிடைக்காவிட்டால் `Narthamalai` என்று ஊர்ப்பெயரில் தேடிப் பாருங்கள். செப்புத் திருமேனிகளுக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் கிளீவ்லாந்து அருங்காட்சியகமும் பொதுவுரிமையுள்ள படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. பதிவிறக்கும் பக்கத்தில் `CC0` என்ற குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

A3 தாளில் தெளிவாக அச்சிட, படம் சுமார் 2480 × 1754 புள்ளிகளாவது இருக்க வேண்டும். தேடல் பக்கத்தில் தெரியும் சிறு படத்தைச் சேமித்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூலப் படத்தைத் திறந்துதான் இறக்க வேண்டும். பள்ளி ஜெராக்ஸ் இயந்திரத்தில் வண்ணப்படத்தைப் போட்டால் கல்லின் நிழலெல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும். அதனால் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, அந்தக் கோட்டுப்படத்தை ஜெராக்ஸ் எடுங்கள். மாணவர் பெயர்களை எழுத அதுவே வசதி.

இணையப் படத்தை நம்புமுன் இரண்டு சோதனைகள். தஞ்சை என்று போட்டிருப்பது பல நேரம் கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சை விமானத்தின் பக்கக்கோடு நேராகச் சரிந்து ஏறும், கங்கைகொண்ட சோழபுரத்தில் அது உள்வாங்கி வளையும். ஒரு அளவுகோலைப் படத்தின் ஓரத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது, இடம் வலமாகத் திரும்பிய படம். நடராசர் தூக்கியிருப்பது இடது கால். படத்தில் வலது கால் தூக்கியிருந்தால் படம் திரும்பியிருக்கலாம், அல்லது அது மதுரை வெள்ளியம்பலத்தின் கால் மாறி ஆடிய கோலமாக இருக்கலாம். எது என்று பார்த்துவிட்டே ஒட்டுங்கள்.

இரண்டாம் வேளையில் கோயிலுக்குப் போகிறீர்கள். சிகரம் என்ன வடிவம் என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அடுத்து வரும் கேள்வி "இது எந்தக் காலத்துக் கோயில்?" என்பதுதான். இங்கே அவசரப்படக் கூடாது. பல ஊர்களில் சுவர் வரை கருங்கல், அதற்கு மேல் செங்கல்லும் சுதையும். செங்கல் பகுதி ஒவ்வொரு திருப்பணியிலும் பழுது பார்க்கப்பட்டோ புதிதாகக் கட்டப்பட்டோ இருக்கும். பெயிண்டு பளபளக்கும் சிகரத்தை வைத்துக் காலம் சொன்னால் நேற்றைய கொத்தனாரின் காலத்தைத்தான் சொல்வீர்கள். காலத்துக்குக் கல்லைப் பார்க்க வேண்டும். கல்லில் எளிதில் படிக்கக்கூடியது போதிகை.

சுவரை ஒட்டிய அரைத்தூணைக் கீழிருந்து மேலே பாருங்கள். உச்சியில் குடம்போல் கும்பம், அதன் மேல் இதழ்போல் விரியும் பாலி, அதற்கு மேல் சதுரமான பலகை. பலகைக்கும் மேலே ஓடும் உத்திரத்துக்கும் நடுவில் இருபுறமும் கை நீட்டிய கல்தான் போதிகை. உத்திரத்தின் பாரத்தை வாங்கித் தூணுக்கு இறக்குவது அதன் வேலை. பல்லவர் காலத்தில் அந்தக் கை வளைந்திருக்கும், வளைவில் அலையலையான வரிகள் இருக்கும். அதற்குத் தரங்கப் போதிகை என்று பெயர். சோழர் காலத்தில் வளைவு போய்க் கை சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் முளைபோல் ஒரு துண்டு முன்னே நீளும். இது வெட்டுப் போதிகை. பிற்காலத்தில் அந்த முளை பூவாக மாறத் தொடங்குகிறது. விஜயநகர, நாயக்கர் காலத்தில் முனையில் தாமரை மொட்டு கீழ்நோக்கித் தொங்கும். அலை, வெட்டு, மொட்டு: இந்த மூன்றையும் கோட்டுப்படமாகப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஒவ்வொரு குழுவிடமும் ஒரு தாள் கொடுங்கள், அவர்களே பொருத்திப் பார்ப்பார்கள்.

சுவரின் உச்சியில் வெளியே நீளும் கூரை விளிம்பான கொடுங்கையின் கீழ் போதிகை இருப்பதால் உச்சி வெயிலில் நிழலில் மறைந்துவிடும். காலை எட்டு மணி வெயில் தாழ்வாக வந்து அதைத் தொடும். கிழக்குச் சுவரில் அந்த வெயில் நேராக அடித்துக் கல்லைத் தட்டையாகக் காட்டும். தெற்குச் சுவரில் பக்கவாட்டில் உரசிப் போவதால் அலையும் வெட்டும் தனித்தனியாகத் தெரியும். ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து உதிப்பதால் தெற்குச் சுவருக்கு அது நல்ல காலம். ஆனி, ஆடியில் போனால் வடக்குச் சுவரைப் பாருங்கள். போனை அடியில் நின்று நிமிர்த்தி எடுத்தால் தூண் பின்னால் சாய்ந்ததுபோல் விழும். சில அடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். கல்வெட்டு எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லில் எண்ணெயோ சாக்பீஸோ தடவ எவரையும் விடாதீர்கள், கறை கல்லில் ஊறிவிடும்.

ஒரு கோயிலையே எடுத்துக்கொள்வோம். வட்டச் சிகரம், புதிய சுதை, பளிச்சென்ற நீலம். கருவறைச் சுவரில் வெட்டுப் போதிகை. முன்மண்டபத் தூண்களில் தொங்கும் மொட்டு. மாணவர் எழுத வேண்டியது: விமானம் வேசர வடிவம், கருவறைச் சுவர் சோழர் காலமாக இருக்கலாம், முன்மண்டபம் பிற்காலத்தில் சேர்ந்தது, மேல்பகுதியின் இப்போதைய சுதை அண்மைத் திருப்பணி. ஒரே கோயிலுக்கு மூன்று காலம் என்ற பதில் சரியான பதில். "இருக்கலாம்" என்ற சொல்லை அடிக்காதீர்கள். பாணி மாறிய பிறகும் பழைய வடிவத்தைச் சில இடங்களில் தொடர்ந்து செதுக்கினார்கள், பிரித்த கல்லை மீண்டும் அடுக்கியதும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் திருப்பணியில் பல பழைய தலங்கள் கருங்கல்லில் புதிதாகவே எழுந்தன. அங்கே போதிகை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. சுவரில் கல்வெட்டு இருந்தால், தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். மன்னன் பெயரும் ஆட்சி ஆண்டும் கிடைத்தால் அது போதிகையைவிட வலுவான சான்று.

எல்லாப் பிள்ளைகளும் கோயிலுக்குள் வர இயலாத வகுப்பாக இருந்தால் வெளிச்சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், போதிகைக்கு அதுவே போதும். ராமநாதபுரம் பக்கம் இருந்தால் கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலும் இதே பாடத்துக்குப் பொருந்தும். அங்கும் கற்றூண்களும் போதிகைகளும்தான் கூரையைத் தாங்குகின்றன, கையில் உள்ள அதே தாளை எடுத்துப் போகலாம்.