பூச்சிய வட்டிக்குள் இருந்த 7,200 ரூபாய்

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைப் பற்றியவை: கடன் அட்டையில் வாங்கிய பொருளைத் தவணைக்கு மாற்றுவதும், ஓர் அட்டையின் நிலுவையை இன்னொரு வங்கிக்கு மாற்றுவதும். வங்கியின் அட்டைப் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால், மேசையின் மறுபக்கத்தில் இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை ஓரளவு அறிவேன். ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, ஆனி, ஆடி மழையில் துணி காய்வதே இல்லை என்பதால் ஹட்டனில் 1,20,000 ரூபாய்க்குச் சலவை இயந்திரம் வாங்கினேன். "பூச்சிய வட்டி, 12 மாதத் தவணை" என்றார்கள். முதல் கூற்றில் 10,000 ரூபாய்த் தவணையோடு 7,200 ரூபாய் தனியாக இருக்கிறது. வட்டி இல்லை என்றால் இது என்ன?
— ஆசிரியை, தலவாக்கலை

அது செயலாக்கக் கட்டணம். உங்கள் திட்டத்தில் 6 சதவீதம். தொலைபேசியில் பேசிய அலுவலர் "வட்டி பூச்சியம்" என்று சொன்னதில் பொய் இல்லை. வட்டிக்குப் பதிலாக அதே வேலையைக் கட்டணம் செய்கிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்த 6 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். கேட்டவுடன், 1,20,000 ரூபாயை ஒரு வருடம் வைத்திருக்க 6 சதவீதம் கொடுக்கிறோம், மலிவுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் ஒரு வருடம் முழுவதும் உங்களிடம் இல்லை. முதல் மாதம் 1,20,000 கடன்பட்டிருக்கிறீர்கள், அடுத்த மாதம் 1,10,000, கடைசி மாதம் வெறும் 10,000. பன்னிரண்டு மாதத்துக்கும் சராசரி எடுத்தால் நீங்கள் பட்டிருந்த கடன் 65,000 ரூபாய். 65,000 ரூபாய்க்கு 7,200 என்றால் வருடத்துக்கு 11 சதவீதம். கட்டணம் முழுவதையும் முதல் கூற்றிலேயே வாங்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தால் பதினொன்றரையைத் தொடும்.

இது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அட்டையின் சாதாரண வட்டியோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவுதான். எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், கடைக்காரர் ரொக்கத்துக்கு 5 சதவீதம் கழிவு தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். தவணைக்குப் போனதால் அந்த 6,000 ரூபாய் போய்விட்டது. அதுவும் இந்தக் கடனின் விலைதான். 7,200-உடன் 6,000 சேர்த்தால் 13,200. அதே 65,000-க்கு இது 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்த இரண்டாவது தொகை எந்தக் கூற்றிலும் அச்சாகாது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு?" என்பதுதான். தவணையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இந்த முதல் கூற்றில் ஒன்றைக் கவனியுங்கள். 17,200 ரூபாயையும் உரிய திகதிக்குள் முழுமையாகக் கட்டுங்கள். தவணை பூச்சிய வட்டியில் இருந்தாலும், கூற்றில் ஏறிவிட்ட தவணையும் கட்டணமும் கட்டாமல் விடப்பட்டால் சாதாரண நிலுவையாகிவிடும். அதற்கு அட்டையின் முழு வட்டி ஓடும்.

12 மாதத்துக்குக் கட்டணம் 6 சதவீதம், 3 மாதத்துக்கு 3 சதவீதம் என்கிறார்கள். குறைவானதைத்தானே எடுக்க வேண்டும்?
— கடை உரிமையாளர், பண்டாரவளை

ரூபாய்க் கணக்கில் குறைவு, வீதக் கணக்கில் கூடுதல். அதே 1,20,000-ஐ 3 மாதத்தில் கட்டினால் சராசரிக் கடன் 80,000. அதற்கு 3,600 ரூபாய், அதுவும் மூன்றே மாதத்துக்கு. வருடத்துக்குப் பெருக்கினால் 18 சதவீதம் வருகிறது. மூன்று மாதத்தில் கட்ட முடிந்தவர் கொஞ்சம் பொறுத்திருந்து ரொக்கத்துக்கே வாங்கிவிடலாம். நீங்கள் கடை வைத்திருப்பவர், கழிவு கேட்கக் கற்றுத்தர வேண்டியதில்லை.

என் அட்டையில் 1,50,000 ரூபாய் நிலுவை. வட்டி வருடத்துக்கு 26 சதவீதம். இன்னொரு வங்கியிலிருந்து அழைத்து, நிலுவையை அவர்களிடம் மாற்றினால் "மாதம் ஒரு சதவீதம்தான், 24 மாதம்" என்கிறார்கள். 2 சதவீதக் கட்டணமும் உண்டாம். 26 எங்கே, 12 எங்கே! மாற்றிவிடலாமா?
— தாதி உத்தியோகத்தர், ஹட்டன்

அவசரப்படாதீர்கள். அந்த 26-உம் இந்த 12-உம் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல.

உங்கள் பழைய அட்டையில் வட்டி, அன்றன்று மீதி இருக்கும் தொகைக்குத்தான் ஓடுகிறது. புதிய வங்கி சொல்லும் "மாதம் ஒரு சதவீதம்" ஆரம்பத் தொகையான 1,50,000-க்குக் கணக்கிடப்படுகிறது, 24 மாதமும். ஒவ்வொரு மாதமும் 6,250 முதல், 1,500 வட்டி, மொத்தம் 7,750. பன்னிரண்டாவது தவணை கட்டியதும் பாதிக் கடன் தீர்ந்திருக்கும். வட்டி மட்டும் அதே 1,500. கடைசி மாதத்தைப் பாருங்கள்: நீங்கள் தர வேண்டிய மீதிக் கடன் 6,250 ரூபாய், அதற்கு ஒரு மாத வட்டி 1,500 ரூபாய். நமது தோட்டங்களில் வட்டிக்குக் கொடுப்பவர்கள்கூட அந்த நேரத்தில் கொஞ்சம் தயங்குவார்கள்.

குறைந்துசெல்லும் மீதிக்கு மாற்றிக் கணக்கிட்டால் இந்த 12 சதவீதம் சுமார் 21.6 ஆகிறது. 3,000 ரூபாய்க் கட்டணத்தையும் ஆரம்பத்திலேயே எடுப்பதால் 23.7 வரை போகிறது. ஆக, ஒப்பிட வேண்டியது 26-ஐயும் 12-ஐயும் அல்ல, 26-ஐயும் கிட்டத்தட்ட 24-ஐயும்.

இன்னொரு விதமாகவும் பார்த்தேன். நீங்கள் எங்கும் மாறாமல், பழைய அட்டையில் ஒன்றும் வாங்காமல், அதே 7,750-ஐ மாதாமாதம் கட்டினால் 25 மாதத்துக்குச் சற்று மேலாகும். மொத்தச் செலவு ஏறத்தாழ 1,96,500. மாறினால் 1,89,000. இரண்டு வருடத்தில் மிச்சம் 7,500 ரூபாய். அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர் என்றால், தவணை என்ற கட்டாயமே அவருக்கு நன்மை. அந்த ஒரு காரணத்துக்காக மாறலாம். வட்டி பாதியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் மாற வேண்டாம்.

மாறுவதென்று முடிவு செய்தால் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. புதிய வங்கி பணத்தை அனுப்பப் பல நாட்கள் ஆகலாம். அதுவரை பழைய அட்டையில் நாளுக்குச் சுமார் 107 ரூபாய் வட்டி ஓடும். 20 நாள் என்றால் 2,100 ரூபாய்க்கு மேல். "எல்லாம் தீர்ந்துவிட்டது" என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது அடுத்த கூற்றில் இந்தத் தொகை வந்து நிற்கும். கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணமும் சேரும். ஆகவே இடையில் வரும் கட்டுத் திகதியில் பழைய அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டுங்கள். பிறகு, தீர்ப்பதற்கான சரியான தொகையைக் கேட்டுக் கட்டி, நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு, அட்டையை மூடச் சொல்லுங்கள். மூடாத பழைய அட்டை அடுத்த தீபாவளிக்குள் மீண்டும் நிரம்பிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதிய வங்கியிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான்: "குறைந்துசெல்லும் மீதிக்கு வருட வட்டி வீதம் எவ்வளவு? கட்டணத்தோடு நான் மொத்தமாக எவ்வளவு ரூபாய் கட்டுவேன்?" பதிலை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லத் தயங்காதவர்கள் எழுதித்தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, யாராவது கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. கூற்று வருவதற்குள் கட்டுத் திகதி போய்விட்டது. இப்போது ஆறு தவணை மீதி இருந்த என் திட்டத்தையே வங்கி ரத்துச் செய்து, 60,000 ரூபாயையும் நிலுவையில் சேர்த்துவிட்டது.
— இளைஞர், மஸ்கெலியா

மலையகத்தில் இது வெறும் கவனக்குறைவு இல்லை. லயத்துக்கு முகவரி இல்லாத குறையை வங்கியின் விதிமுறை அறியாது. எனக்கே நடந்திருக்கிறது. கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்தது, தாமதக் கட்டணத்தைத் திரும்பப் பெற மூன்று தடவை கிளைக்குப் போக வேண்டியிருந்தது.

தவணைத் திட்டங்களின் விதிமுறைகளில் பொதுவாக இப்படி ஒரு வரி இருக்கும்: தவணை தவறினால் திட்டத்தை ரத்துச் செய்து, மீதித் தொகை முழுவதையும் சாதாரண வட்டிக்கு மாற்றலாம். ஆரம்பத்தில் வாங்கிய கட்டணம் திரும்பி வராது. அதாவது கட்டணமும் போய், வட்டியும் ஓடுகிறது.

உடனே தவறிய தவணையைக் கட்டிவிட்டு, திட்டத்தை மீண்டும் அமுல்படுத்தும்படி எழுத்தில் கேளுங்கள். ஒரே தடவை தவறியிருந்தால் இணங்கும் வங்கிகள் உண்டு. எழுதும்போது கூற்று கைக்குக் கிடைத்த திகதியையும், தபால் முத்திரை இருந்தால் அதன் படத்தையும் சேருங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடம் 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் முதலில் வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும். "நீங்கள் வங்கியிடம் கேட்டீர்களா?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

இனிமேல் கூற்றுக்குக் காத்திருக்காதீர்கள். தவணைத் தொகை மாறாது, திகதியும் பெரிதாக மாறாது. தொகையை மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். வேறு வங்கியிலிருந்து அனுப்பினால், நீண்ட வார இறுதியும் போயா விடுமுறையும் சேர்ந்து பணம் சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும். கூற்றை மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

தீபாவளி முற்பணம் கிடைத்தது. தவணைத் திட்டத்தில் மீதி இருந்த 50,000 ரூபாயை மொத்தமாக அட்டையில் கட்டினேன். அடுத்த மாதமும் தவணை வந்திருக்கிறதே?
— வாசகர், நாவலப்பிட்டி

நீங்கள் கட்டியது அட்டைக்குப் போயிருக்கிறது, திட்டத்துக்குப் போகவில்லை. அந்தப் பணம் உங்கள் கணக்கில் மிகையாக நிற்கும். அடுத்த தவணைகளும், நீங்கள் வாங்கும் மாவும் பருப்பும் அதிலிருந்தே கழியும். திட்டத்தை முடிக்க வேண்டுமானால் வங்கியை அழைத்துத் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு முன்முடிப்புக் கட்டணம் இருக்கலாம், அது எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

ஆனால் உங்கள் திட்டம் பூச்சிய வட்டி, கட்டணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. முன்கூட்டியே முடிப்பதில் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. அந்த மிகைப் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, சேமிப்புக் கணக்கில் போட்டு, தவணையை அதன் திகதியில் கட்டுங்கள். பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பவர்களுக்கும் இதே நிலைதான். கடை பணத்தை அட்டைக்கு அனுப்பும், தவணைத் திட்டம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். திருப்பிக் கொடுத்த பற்றுச்சீட்டோடு வங்கியை அழைத்து, திட்டத்தையும் ரத்துச் செய்யச் சொல்ல வேண்டும்.